ஒரு போட்டோ, 24 செயலட்டைகள், ஒரே ரீச்சர்

வலிகாமத்தில் ஒரு சிறிய ஆரம்பப் பாடசாலையில் தரம் 2 படிப்பிக்கிறேன். இந்தத் தவணைக்கு 24 பக்கத்தில் செயலட்டைகள் செய்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு கார்ட்டூன் ரீச்சர் நின்று, "இதை வட்டமிடுங்கள்", "இதை எண்ணுங்கள்" என்று சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்குப் பழக்கமான முகமாக இருந்தால் நல்லது என்று எங்கள் பெரிய ரீச்சரையே வரைய நினைத்தேன். அவர் 30 வருடத்துக்கு மேலாக இங்கே படிப்பிக்கிறார்.

கையில் இருந்தது ஒரே ஒரு போட்டோ. வாணி விழா அன்று எடுத்தது. முகம் சற்று அவருடைய இடது பக்கம் திரும்பியிருக்கிறது. இரண்டு கையாலும் தட்டத்தைப் பிடித்திருக்கிறார், அதனால் விரல்கள் சரியாகத் தெரியவில்லை. இடது மணிக்கட்டில் மணிக்கூடு, இடது தோளில் மடிப்பு வைத்துக் குத்திய சாறித் தலைப்பு, தடித்த மேல்விளிம்புள்ள கண்ணாடி, தாழ்வான கொண்டை, வகிட்டின் இரு பக்கமும் நரை. பின்னால் நாலைந்து பிள்ளைகளும் இருந்தார்கள். எந்தக் கருவிக்குள்ளும் போடுவதற்கு முன்னமே அவர்களை வெட்டி நீக்கிவிட்டேன். பிறகு ரீச்சரிடம் அனுமதி கேட்டேன். "செய்யும் தம்பி, ஆனா என்னை வெள்ளையாக்கிப் போடாதேயும்" என்றார்.

முதலில் படம் உருவாக்கும் ஏஐ கருவி ஒன்றில் போட்டோவைக் கொடுத்து, பக்கத்துக்குப் பக்கம் தனித்தனியாகக் கேட்டேன்: கரும்பலகையைக் காட்டுகிறார், புத்தகம் வைத்திருக்கிறார், வணக்கம் சொல்கிறார். ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தால் அழகுதான். ஆறையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது ஆறு வெவ்வேறு பெண்கள் நின்றார்கள். ஒருத்திக்கு வயது முப்பது. இன்னொருத்தியின் சாறித் தலைப்பு வலது தோளில். ஒன்றில் கண்டியச் சாறி மாதிரி இடுப்பில் சுருக்கு வந்திருந்தது. இரண்டில் கண்ணாடி இல்லை. நிறமோ எல்லாவற்றிலும் வெளுத்துப் போயிருந்தது.

இதற்குக் காரணம் இருக்கிறது. இந்த வகைக் கருவிகளில் பல ஒவ்வொரு முறையும் தற்செயலான புள்ளிக் குவியலில் இருந்து தொடங்கி, நாம் எழுதியதையும் கொடுத்த படத்தையும் வழிகாட்டியாக வைத்துப் படத்தை வெளியே கொண்டுவருகின்றன. "இவர்தான் அந்த ரீச்சர்" என்று ஓர் ஆளை அவை எங்கும் எடுத்து வைப்பதில்லை. நாம் சொல்லாமல் விட்ட இடத்தையெல்லாம், தாம் பழகிய படங்களில் அதிகம் கண்டதைக் கொண்டு நிரப்புகின்றன. வயதும் நிறமும் சாறிக் கட்டும் நழுவியது அங்கேதான்.

அடுத்து ஒரு பிழை செய்தேன். நன்றாக வந்த படத்தைக் கொடுத்து அடுத்த படத்தைக் கேட்டேன், வந்ததைக் கொடுத்து அதற்கடுத்ததைக் கேட்டேன். இரண்டாவது படம் வரை ஒரே ஆள்தான். ஐந்தாவதில் முகம் உருண்டு, கண்ணாடி மெலிந்து, மணிக்கூடு வளையலாகிவிட்டது. போட்டோ கொப்பியை வைத்துக் கொப்பி எடுத்து, அதை வைத்து இன்னொரு கொப்பி எடுத்தால் என்ன நடக்குமோ அதேதான். ஒவ்வொரு சுற்றிலும் விழும் சின்னப் பிழை அடுத்த சுற்றுக்கு உண்மையாகிவிடுகிறது. பக்கத்துப் படத்தோடு ஒப்பிட்டால் இது தெரியாது. முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் சேர்த்து வைத்தால்தான் தெரியும்.

அதனால் வழியை மாற்றினேன். கருவியிடம் கேட்பது ஒரே ஒரு மூலப்படம். அதை நானே கோடாக வரைந்து துண்டு துண்டாகப் பிரித்து வைப்பது. எல்லாப் பக்கத்துக்கும் அந்தத் துண்டுகளையே சேர்ப்பது.

மூலப்படத்தைக் கேட்கும் முன், எதை வைத்து ரீச்சரை அடையாளம் காண்கிறோம் என்று ஒரு தாளில் எழுதினேன். கடைசியில் மிஞ்சியவை ஐந்து: கண்ணாடி, கொண்டை, வகிட்டு நரை, இடது தோளில் சாறித் தலைப்பு, இடது கையில் மணிக்கூடு. சாறியில் இருந்த பூக்களை வேண்டுமென்றே விட்டேன். ஒவ்வொரு படத்திலும் பூக்களின் எண்ணிக்கையும் இடமும் மாறும், யாராலும் அதைக் கட்டிவைக்க முடியாது. அதற்குப் பதிலாக வெறும் சாறி, கரையில் ஒரு தடித்த கோடு. இந்த ஐந்தையும் இடது, வலது எது என்பதோடு சேர்த்துக் கருவியிடம் சொல்லிவிட்டேன். "தலைப்பு அவருடைய இடது தோளில், பார்ப்பவருக்கு வலது பக்கத்தில்" என்று இரண்டு விதமாகவும் எழுதினால்தான் சரியாக வந்தது. வயது ஐம்பதுகளின் பின்பாதி, தோல் கரும்பழுப்பு, பின்னணி வெள்ளை, படத்தில் எழுத்து எதுவும் வேண்டாம் என்றும் சேர்த்தேன். எழுத்து வேண்டாம் என்றதற்குக் காரணம், முதல் ஆறு படங்களில் கரும்பலகையில் வந்த தமிழ் எழுத்துகள் எழுத்தே அல்ல, கொம்பும் சுழியும் கலந்த கோலங்கள். எழுத்துப் படிக்கும் வயதுப் பிள்ளைகளுக்கு அதைக் கொடுக்கவே கூடாது. கரும்பலகை வெறுமையாக இருக்கட்டும், எழுத்தை நாங்கள் எழுத்துருவில் போடுவோம்.

அடுத்தது உயரம். தலையின் உயரத்தால் அளந்தால், வளர்ந்தவர் ஒருவரின் உண்மையான உயரம் ஏறக்குறைய ஏழரைத் தலை. செயலட்டையில் ரீச்சருக்குக் கிடைக்கும் இடம் 5 சென்ரிமீற்றரும் கொஞ்சமும்தான். ஏழரைத் தலை வைத்தால் தலை 7 மில்லிமீற்றர் வரும், அதற்குள் சிரிப்பும் கண்ணாடியும் தெரியாது. மூன்றரைத் தலை என்று முடிவு செய்தேன். தலை 1.5 சென்ரிமீற்றர், முழு உருவம் 5.25. செயலட்டையில் வரும் பிள்ளைகளை இரண்டரைத் தலை அளவில் வைத்தேன். அதனால் ரீச்சர் பெரியவர் என்பது பக்கத்தில் நிற்கும்போதே தெரிகிறது.

மூலப்படம் வந்ததும் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் திறந்தேன். அதில் Trace Bitmap என்றொரு வசதி இருக்கிறது, படத்தைத் தானாகவே கோட்டோவியமாக மாற்றித் தரும். நேரம் மிச்சம் என்று முதலில் அதைத்தான் பயன்படுத்தினேன். ஆனால் அது தருவது கோடு அல்ல, கோட்டின் வடிவத்தில் வெட்டிய கறுப்புத் துண்டு. "இந்தக் கோட்டை 0.7 மில்லிமீற்றர் ஆக்கு" என்று சொல்ல வழியில்லை. ஓரங்களும் நடுங்குகின்றன. எனவே மூலப்படத்தைப் பூட்டிய அடுக்கில் மங்கலாக வைத்து, அதன்மேல் பேனாக் கருவியால் கையாலேயே வரைந்தேன். இரண்டு பின்னேரங்கள் போனது. வெளிக்கோடு எல்லாம் 0.7 மில்லிமீற்றர், உள்கோடுகள் 0.4. வரையும்போது போட்டோவையும் அருகில் திறந்து வைத்திருந்தேன். கருவி ரீச்சரின் தாடையைக் கூராக்கியிருந்தது, அதைப் போட்டோவைப் பார்த்துத் திருத்தினேன்.

தலை, உடல், இரண்டு கைகள், வாய், புருவம் என்று தனித்தனிக் கூட்டமாக வைத்தேன். கைகள் ஐந்து விதம்: சுட்டுவது, விரித்தது, சோக்குப் பிடித்தது, புத்தகம் தாங்கியது, கும்பிட்டது. வாய் நான்கு, புருவம் மூன்று. போட்டோவில் விரல் தெரியாததால் என் கையையே பார்த்து வரைந்தேன். நான்கு விரல் கார்ட்டூன் வழக்கம் எனக்குச் சரிப்படவில்லை. எண்ணும் பாடம் இருக்கிறது, பிள்ளைகள் ரீச்சரின் விரலை எண்ணத்தான் செய்வார்கள். ஐந்து விரலும் வைத்தேன்.

ஒரு நிலையை உருவாக்கும்போது தலையைக் கொப்பி எடுத்து ஒட்டவில்லை. Alt+D அழுத்தி நிழல்பிரதி எடுத்தேன். மூலத் தலையில் எதை மாற்றினாலும் எல்லா நிலைகளிலும் தானாக மாறிவிடும். முதல் அச்சில் கண்ணாடி மெலிவாகத் தெரிந்தது. ஒரே இடத்தில் தடிப்பாக்கினேன், ஒன்பது நிலைகளிலும் தடித்தது. இந்தத் தொடர்பு ஒரே கோப்புக்குள் மட்டும்தான் இருக்கும். இன்னொரு கோப்பில் ஒட்டினால் அறுந்துவிடும். ஆகவே ரீச்சரின் எல்லா நிலைகளையும் ஒரே கோப்பில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு அடையாளப் பெயர் கொடுத்து, இந்த ஒரு கட்டளையால் படங்களாக எடுத்தேன், இங்கே மூன்று பெயரை மட்டும் காட்டுகிறேன்:

```
inkscape teacher.svg --export-id="suttu;vanakkam;puththakam" --export-id-only --export-type=png --export-dpi=600
```

செயலட்டைகளை லிப்ரே ஆபிஸ் ரைட்டரில் செய்தேன். படத்தைச் சேர்க்கும்போது Link என்ற பெட்டியில் சரி போட்டுவிட்டால், படம் ஆவணத்துக்குள் புதையாமல் வெளிக்கோப்போடு இணைந்திருக்கும். ரீச்சரைத் திருத்தி அதே பெயரில் மறுபடி எடுத்தால், 24 பக்கமும் அடுத்த முறை திறக்கும்போது புதிய ரீச்சரோடு வரும். ஆனால் ஆவணத்தை மட்டும் பென் டிரைவில் போட்டு வேறு கணினிக்குக் கொண்டுபோனால் படம் இருக்காது. அச்சுக்குக் கொடுப்பது எப்போதும் பிடிஎஃப் ஆக இருக்கட்டும்.

இங்கேதான் எனக்கு ஒரு நாள் முழுக்கப் பிடிபடாத ஒரு கோளாறு வந்தது. எல்லாப் படத்தையும் ஒரே உயரத்தில் வைத்தும், சில பக்கங்களில் ரீச்சர் குட்டையாகத் தெரிந்தார். கை தூக்கிய நிலையில்தான் இப்படி. படம் எடுக்கும்போது இங்க்ஸ்கேப் உருவத்தின் எல்லை வரைதான் வெட்டுகிறது. கை தலைக்கு மேலே போனால் படமே உயரமாகிறது. அதை 5.25 சென்ரிமீற்றருக்குள் அடக்கினால் உடல் சுருங்குகிறது. கோடும் சேர்ந்து மெலிகிறது. தீர்வாக ஒவ்வொரு நிலைக்குப் பின்னாலும் ஒரே அளவில், 5 அகலம் 6.5 உயரத்தில், முழுக்க ஒளிபுகும் ஒரு செவ்வகத்தை வைத்துச் சேர்த்துக் கட்டினேன். செவ்வகத்தின் அடிக்கோட்டில்தான் ரீச்சரின் கால் நிற்கும். இப்போது எல்லாப் படமும் ஒரே அளவு, ரைட்டரில் 6.5 என்று கொடுத்தால் போதும். எழுதும் இடம் குறைவான பக்கங்களுக்குத் தலையும் தோளும் மட்டும் உள்ள ஒரு சிறிய வடிவமும் தேவைப்பட்டது. அதைப் பெரிய படத்தைச் சுருக்கி எடுக்கவில்லை. தனியாக அதே 0.7, 0.4 கோட்டில் மறுபடி கட்டினேன். முகச்சாயல் ஒன்றாக இருந்தாலும் கோட்டின் தடிப்பு மாறினால் கண்ணுக்கு வேறு ஆள் வரைந்த படம் போலத் தெரியும்.

எங்கள் பாடசாலையில் இருப்பது டிஜிட்டல் டூப்ளிகேட்டர், நாங்கள் இன்னமும் றோனியோ என்றுதான் சொல்வோம். திரையில் எப்படி இருந்தாலும் அதில் வந்தால்தான் உண்மை. முதல் ஒற்றையில் மூன்று இடம் கெட்டிருந்தது. நரைக்கு வைத்த சாம்பல் நிறம் புள்ளி புள்ளியாக வந்து தூசு மாதிரி இருந்தது. அதை எடுத்துவிட்டு, கறுப்புத் தலைமுடிக்குள் மூன்று வெள்ளைக் கீற்றுகள் விட்டேன். கறுப்பாக நிரப்பிய பிளவுஸ் திட்டுத் திட்டாக அச்சாகி, அடுத்த ஒற்றையின் முதுகிலும் மை ஒட்டியது. அதை வெள்ளையாக்கிக் கழுத்துக்கும் கைக்கும் கரைக்கோடு மட்டும் போட்டேன். கொண்டையையும் முழுக்க நிரப்பாமல் வளைந்த தடித்த கோடுகளால் காட்டினேன். 0.4 கோடுகள் உடையாமல் வந்தன. இடையில் 0.25 வைத்துப் பார்த்தேன், மூக்கு காணாமல் போனது.

தோலுக்கு நிறமே போடவில்லை. அது வெள்ளையாக்குவதற்காக அல்ல, பிள்ளைகள் நிறம் தீட்டுவதற்காக. முதல் பக்கத்தில் நிறம் தீட்டிய மாதிரி ஒன்றைக் கரும்பழுப்புப் பாஸ்டலால் நானே செய்து சுவரில் ஒட்டினேன்.

ஒருநாள் பாட முடிவில் நான்கு பக்கத்தை எடுத்து மூன்று பிள்ளைகளிடம் காட்டினேன். எதுவும் சொல்லாமல், "இதில யார் யார் நிக்கினம்?" என்று மட்டும் கேட்டேன். மூன்று பக்கத்துக்கு "பெரிய ரீச்சர்" என்றார்கள். நாலாவது பக்கத்தைக் காட்டி ஒரு பிள்ளை, "இது ரீச்சற்ற தங்கச்சி" என்றாள். ஏன் என்று கேட்டேன். "மணிக்கூடு மற்றக் கையில."

அந்தப் பக்கத்தில் ரீச்சர் மறுபக்கம் பார்த்துச் சுட்ட வேண்டியிருந்ததால் படத்தைக் கண்ணாடியில் போலத் திருப்பிவிட்டிருந்தேன். மணிக்கூடும் தலைப்பும் வகிடும் அதோடு பக்கம் மாறிவிட்டன. ஏழு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. மணிக்கூட்டை மட்டும் எடுத்து மற்றக் கையில் வைப்பது சுலபம், ஆனால் தலைப்பு உடலோடு சேர்ந்தது. கடைசியில் மறுபக்கம் பார்க்கும் உடலைத் தனியாகவே வரைந்தேன். அப்புறம் திருப்புவதே இல்லை என்று முடிவெடுத்தேன்.

அதைவிடச் சிக்கலானது "இடம், வலம்" பக்கம். ரீச்சர் வலது கையை உயர்த்துகிறார், பிள்ளைகள் தங்கள் வலது கையை உயர்த்த வேண்டும். முன்பக்கம் பார்த்து நிற்கும் ரீச்சரின் வலது கை, தாளைப் பார்க்கும் பிள்ளைக்கு இடது பக்கம் வரும். திருப்பினால் பக்கம் பொருந்துவது போல இருக்கும், ஆனால் இடது கையை உயர்த்தியபடி "வலது" என்று சொல்வதாகிவிடும். இதற்கு ஒரே நல்ல வழி ரீச்சரும் பிள்ளையும் ஒரே திசையைப் பார்ப்பது, அதாவது ரீச்சரின் முதுகுப்பக்கம். போட்டோவில் அது இல்லை.

கருவியிடம் முதுகுப்பக்கம் கேட்டபோது நீளமான பின்னலும் பின்னால் முடிச்சுப் போட்ட பிளவுஸும் கொடுத்தது. ஊகத்தில் நிரப்பியது என்று பார்த்ததும் புரிந்தது. அதை வைத்துக்கொள்ளாமல் முன்பக்கத் துண்டுகளில் இருந்தே கட்டினேன். வெளிக்கோடு அதே கோடு. இடது தோளைக் கடந்து வரும் தலைப்பு முதுகில் முழங்கால் மட்டத்துக்கு இறங்குகிறது. முதுகுப்பக்கம் என்பதால் அது பார்ப்பவருக்கும் இடது பக்கமே, மணிக்கூடும் இடது பக்கமே. உயர்த்திய வலது கை பிள்ளையின் வலது கைப் பக்கம். கண்ணாடியின் காதுத்தண்டு மட்டும் இரண்டு பக்கமும் கொஞ்சம் தெரிகிறது. நடுவில் கொண்டை.

அச்சடித்த ஒற்றையை ரீச்சரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "தம்பி, கொண்டை இன்னும் கொஞ்சம் கீழ வரவேணும். உதில நான் முடியிறேல்லை" என்று தலையைத் திருப்பிக் காட்டினார். போட்டோவில் முன்னால் இருந்து பார்த்து நான் ஊகித்த இடம் அது. வீட்டுக்கு வந்து மூலத்தில் கொண்டையை 2 மில்லிமீற்றர் கீழே இறக்கி, கட்டளையை மறுபடி ஓட்டி, ஆவணத்தைத் திறந்தேன். எல்லாப் பக்கத்திலும் கொண்டை இறங்கியிருந்தது.